கித்தேரியம்மாள் மன்னித்தாள், கோர்ட் மன்னிக்கவில்லை

மலைமேல் இருக்கிற எங்கள் நாயுடுபுரத்தில் கித்தேரியம்மாள் என்று கேட்டால் உடனே சொல்ல மாட்டார்கள். "சலவைக்காரக் கித்தேரியக்கா" என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். நான் வக்கீல் குமாஸ்தா உபகாரம். வேலுச்சாமி வக்கீலிடம் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். எத்தனையோ கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிந்ததும் பார்த்தும் பார்க்காதது மாதிரி போகிறவர்கள்தான் அதில் முக்கால்வாசி. இவளைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மிஷன் பள்ளிக்கூட விடுதியில் துணி வெளுக்கப் போனபோது கித்தேரியம்மாளுக்குப் பதினாறு வயது. புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் இறந்துபோனான். கைக்குழந்தை அமலியை வைத்துக்கொண்டு, விடுதி வேலையை விட்டுவிட்டு, சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கினாள். நிலம் வாங்கினாள் என்பதை விட ஓடை வாங்கினாள் என்று சொல்வதே சரி. மேலேயிருந்து வரும் ஓடையில் ஒரு வாய்க்கால் பிரித்து, நாலு துவைகல் போட்டு, வெள்ளாவி அடுப்பு கட்டி, லாட்ஜ்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். சீசன் நாளில் அந்தச் சரிவு பூராவும் வெள்ளை விரிப்பாகக் காயும். மூடுபனி இறங்கினால் விரிப்பு எது, பனி எது என்று தெரியாது. சீசன் ரெண்டு மாதம்தான். அந்த ரெண்டு மாதத்தில் சம்பாதித்ததை வைத்துத்தான் மற்ற பத்து மாதமும் அடுப்பு எரியும்.

அவளுக்கு மேல் நிலத்தில் அருளப்பன் லாட்ஜ் கட்டினான். ஆள் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதா கோவிலில் முன்வரிசை, பங்குச் சாமியாருக்கு வலது கை, வீட்டுச் செபக் கூட்டத்தில் அவன் செபம் சொன்னால் கிழவிகள் அழுதுவிடுவார்கள். ஆனால் லாட்ஜுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஓடையில் குறுக்கே கல்லையும் சாக்கையும் அடுக்கி, மோட்டார் வைத்து, குழாய் போட்டு அத்தனை தண்ணீரையும் தொட்டிக்கு ஏற்றிவிட்டான். கீழே கித்தேரியம்மாள் வாய்க்காலில் தவளைகூட நனைய முடியாத அளவுக்குத்தான் ஈரம் இருந்தது.

கேட்டாள். சண்டை போட்டாள். அவள் சண்டை போட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். பலிக்கவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் எங்களிடம் வந்தாள். பழனி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். முப்பது வருஷமாக அவள் அனுபவித்து வரும் தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை உத்தரவு வாங்கினோம். கோர்ட் அமீனா மலையேறி வந்து அருளப்பன் கையிலேயே நகலைக் கொடுத்தார். அவனும் கையெழுத்துப் போட்டு வாங்கினான். கல்லை எடுத்தான். ஒரு வாரம் தண்ணீர் வந்தது. அப்புறம் சாக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

அதற்குள் தவக்காலம் முடிந்து பெரிய வாரம் வந்துவிட்டது. எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரோடு பகை இருந்தாலும் ஈஸ்டருக்கு முன்னால் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கினால் அது பாவம். பாவத்தைச் சொல்லப் போன பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டிருப்பார் போல. பெரிய வியாழன் பூசைக்கு முன்னால், கோவில் வேலை பார்க்கும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு அருளப்பன் கித்தேரியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஏதாச்சும் மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிருங்க."

உபதேசியாரும் பக்கத்தில் நின்று கண்ணால் கெஞ்சினார். கித்தேரியம்மாள் என்ன செய்வாள்? அவளும் நன்மை வாங்க வேண்டும் அல்லவா? "மன்னிச்சேன்" என்று சொல்லி, பழத்தையும் வாங்கிக்கொண்டு, அவன் நெற்றியில் சிலுவையும் போட்டு அனுப்பினாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து போய்ப் பார்த்தால் வாய்க்கால் எலும்பாகக் கிடந்தது. மேலே புதுக் குழாய், முன்னதைவிடப் பெரியது. ஓடிப்போய்க் கேட்டால் அருளப்பன் வாய் நிறையச் சிரித்தான்.

"என்னக்கா, அதான் மன்னிச்சிட்டீங்களே! இன்னும் என்ன கோர்ட்டு கேசுன்னுகிட்டு?"

இதில் அவன் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். பாதிக்கப்பட்டவள் மன்னித்துவிட்டால் எல்லாம் பைசல், உத்தரவும் பைசல். அதைவிடப் பெரிய கூத்து, இவளும் அதையேதான் நினைத்தாள்! நேராக என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள்.

"ஏலே உபகாரம், என் வாயாலயே மன்னிச்சேன்னு சொல்லித் தொலைச்சிட்டேனேடா. இனிமே எப்படி அவன் மேல பிராது குடுக்கிறது? சாமி குத்தமாயிராதா?"

எனக்கு வந்ததே கோபம்! "யக்கா, நீ அவன் உனக்குப் பண்ணினதைத்தான் மன்னிச்சே. அவன் மீறினது உன் பேச்சையா? கோர்ட் உத்தரவைல்ல மீறியிருக்கான். அதை மன்னிக்க நீ யாரு? முன்சீப்பா?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அந்த வாழைப்பழத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டாமா?" என்றாள். ஐயோ, இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

தடையை மீறியவன் சொத்தை ஜப்தி செய்து, அவனைச் சிவில் ஜெயிலில் வைக்க வேண்டும் என்று மனுப் போட்டோம். ஊரில் இதைக் கோர்ட் அவமதிப்பு என்றே சொல்வார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குத்தான் அவமதிப்புச் சட்டப்படி ஆறு மாசம் வரைக்கும் உள்ளே வைக்கிற அதிகாரம். ஆனால் தன்னுடைய தடை உத்தரவை மீறியவனை மூன்று மாசம் வரைக்கும் உள்ளே வைக்க முன்சீப்புக்கே சிவில் சட்டத்தில் வழி இருக்கிறது. கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அவர் மலைக்கு வந்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, குழாயையும் காய்ந்த வாய்க்காலையும் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டார். விசாரணை ஏப்ரல் கடைசியில் வந்தது. மே மாசம் பூரா சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. அன்றைக்கு முடியாவிட்டால் ஜூனில்தான். ஜூனில் தண்ணீர் வந்து என்ன புண்ணியம்? சீசன் போயிருக்கும். ஏற்கெனவே ரெண்டு லாட்ஜ்காரர்கள் விரிப்பை மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மற்றவர்களும் போவார்கள், அடுத்த வருஷம் ஒருத்தரும் திரும்பி வர மாட்டார்கள்.

விடியற்காலை பஸ்ஸில் மலையிறங்கினோம். கொண்டை ஊசி வளைவு எல்லாம் கித்தேரியம்மாள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். பழனி பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் பஞ்சாமிர்தக் கடைக்காரன் கையைப் பிடித்து இழுத்தான். "போடா, என் உசுரே அந்தரத்துல தொங்குது, இதுல உனக்குப் பஞ்சாமிர்தம்" என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்கு அவள் வாய் கட்டுக்குள் இல்லை என்று.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அருளப்பன் கதர்ச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டே நின்றான். அவனுடைய வக்கீல் தண்டாயுதபாணி, குரலில் தேன் தடவிப் பேசுகிறவர். கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை போட வேண்டும், அவகாசம் வேண்டும், விடுமுறை கழித்து வாய்தா கொடுங்கள் என்று கேட்டார். முன்சீப் தலையைக் குனிந்து வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நடு வயது, கண்ணாடி, அதிகம் பேசாதவர்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"விடுமுறை கழிச்சா? அதுக்குள்ள நான் செத்துச் சுண்ணாம்பாயிருவேன்! மாசியில ஒரு உத்தரவு போட்டீங்க. அதை அவன் கால்ல போட்டு மிதிச்சான். நீங்க வாய்தா வாய்தான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க. உங்க உத்தரவு எங்க ஓடையில போற சருகுக்குச் சமானமாங்க? இதுக்கு ஒரு கோர்ட்டு, அதுக்கு ஒரு நாற்காலி வேறயா!"

வேலுச்சாமி வக்கீல் முகம் வெள்ளாவியில் வைத்த மாதிரி வெளுத்துவிட்டது. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறேன், அவள் என் கையைத் தட்டி விடுகிறாள். நடந்துகொண்டிருக்கிற கோர்ட்டில் நீதிபதியை அவமதித்தால் அன்றைக்கே, கோர்ட் எழுவதற்குள், அவரே தண்டிக்கலாம். அபராதம் போடலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரைக்கும் ஜெயில். அருளப்பனை உள்ளே அனுப்ப வந்த இடத்தில் இவள் முதலில் போய்விடுவாள் போலிருந்தது.

முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தம்மாவைக் காவலில் உட்கார வையுங்க. கோர்ட் எழுந்திரிக்கிறதுக்குள்ள இதை விசாரிக்கிறேன்" என்றார். டபேதார் வந்து அவளைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குத்துக்கல்லாக உட்கார்ந்தாள்.

அடுத்து முன்சீப் தண்டாயுதபாணியைப் பார்த்தார். "வாய்தா கிடையாது. இப்பவே சொல்லுங்க. உத்தரவு உங்க கட்சிக்காரர் கைக்கு வந்ததா இல்லையா?"

"வந்தது, ஆனால்..."

"தெரிஞ்சும் தடுத்தாரா?"

அருளப்பன் தாங்கமாட்டாமல் தானே முன்னால் வந்துவிட்டான். "ஐயா, ஒரு நிமிஷங்க. அந்தக்காவே என்னைய மன்னிச்சிட்டாங்க. பெரிய வியாழனன்னிக்கு உபதேசியார் சாட்சியா மன்னிச்சேன்னு சொன்னாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க."

முன்சீப் சுவரோரம் பார்த்தார். "அப்படிச் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேங்க. சத்தியமாச் சொன்னேன்" என்றாள் கித்தேரியம்மாள். பொய் சொல்லத் தெரிந்தால்தானே? எங்கள் வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தண்ணியை எடுத்துக்கன்னும் சொன்னீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க! மன்னிப்புக் கேட்டான், குடுத்தேன். தண்ணி கேக்கவே இல்லையே."

ஹாலில் யாரோ சிரித்துவிட்டார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. அருளப்பனிடம் மெதுவாகத்தான் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"அவங்க மனசுல இருந்த வருத்தத்தை அவங்க மன்னிச்சாங்க. அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. என் உத்தரவை ரத்து பண்ண அவங்களுக்கும் அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை. உத்தரவு தப்புன்னு நினைச்சா மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கலாம். என்கிட்டயே வந்து நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ரெண்டும் செய்யலை. சரி, இப்ப என்கிட்ட மன்னிப்புக் கேக்கறீங்களா?"

"கேக்கறேங்க, கால்ல விழுந்து கேக்கறேங்க!"

"குழாய் இப்ப எங்க இருக்கு?"

அருளப்பன் விழித்தான். "ஓடையிலதாங்க இருக்கு."

"மோட்டார் ஓடுதா?"

"...ஓடுதுங்க."

"ஓடிக்கிட்டே இருக்கு. அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்றார் முன்சீப். உடனே உத்தரவைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் எடுத்தார். மோட்டாரும் குழாயும் ஜப்தி. அருளப்பனுக்குப் பதினைந்து நாள் சிவில் ஜெயில். அதற்குள் தடுப்பை அகற்றித் தண்ணீரை விட்டதாகப் பிரமாண வாக்குமூலம் கொடுத்து, கமிஷனரும் பார்த்துச் சொன்னால் முன்னதாக விடலாம். "நான் யாரையும் பழிவாங்க உள்ளே அனுப்பறதில்லை. போட்ட உத்தரவு நடக்கணும், அவ்வளவுதான்" என்றார். அருளப்பனின் கதர்ச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. பாவம் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

பிற்பகல் மற்ற வழக்கெல்லாம் முடிந்தது. முன்சீப் எழுந்திருக்க வேண்டிய நேரம். "அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

கித்தேரியம்மாள் போய் நின்றாள். வழியெல்லாம் வேலுச்சாமி வக்கீல் காதில் ஓதிவிட்டார், மன்னிப்பு என்ற ஒரே வார்த்தையைச் சொல், வேறு எதுவும் வேண்டாம் என்று.

"என்னைப் பத்தி நீங்க சொன்னது எனக்கு வலிச்சது. ஆனா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாச் சரியாப் போயிடும்" என்றார் முன்சீப். "ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த நாற்காலியைப் பார்த்து யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் கத்தலாம்னு ஆயிட்டா, நாளைக்கு நான் சொல்றதை அருளப்பன் மாதிரி ஆளுங்க கேப்பாங்களா? என்கிட்ட போலீஸ் பட்டாளமா இருக்கு? ஜனங்க மதிக்கிறதுதான் இருக்கு. அது போச்சுன்னா உங்க தண்ணியை யார் வாங்கித் தருவா? காரணம் சொல்லுங்க, ஏன் தண்டிக்கக் கூடாது?"

"காலையில கேட்டிருந்தா ஒண்ணும் சொல்லத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றாள் கித்தேரியம்மாள். "சுவத்தோரம் உக்காந்து பாத்தேன். உங்க உத்தரவை மதிக்காதவன் கும்பிட்டுக்கிட்டே நின்னான். அதை நம்பி வந்த நான் கத்திட்டேன். ரெண்டுல எது பெரிய அவமதிப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படிச்சவங்க. ஆனா கத்துனது தப்புதாங்க, நாற்காலியைச் சொன்னது அதைவிடத் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்கிடுங்க. வாய்தா கேட்டப்ப வயிறு எரிஞ்சது, அதை மட்டும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

வேலுச்சாமி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். முன்சீப் பேனாவை மூடி வைத்தார்.

"வயிறு எரியறதுக்குச் சட்டத்துல தண்டனை இல்லைம்மா. மன்னிப்பை ஏத்துக்கிட்டேன். போகலாம்." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

வெளியே வந்ததும் அவள் செய்த முதல் வேலை, காலையில் திட்டின கடைக்காரனிடம் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினதுதான். அருளப்பனின் மருமகன் அடுத்த நாளே குழாயைப் பிடுங்கினான். கமிஷனர் வந்து பார்த்தார். நாலைந்து நாளில் அருளப்பன் மலையேறி வந்துவிட்டான். மே மாசம் பூராவும் சரிவில் வெள்ளை விரிப்புக் காய்ந்தது. வத்தலக்குண்டுக்குப் போன விரிப்புகளும் திரும்பி வந்தன. அடுத்த ஈஸ்டருக்கு அருளப்பன் மன்னிப்புக் கேட்க வந்தபோது, "மன்னிச்சேன், ஆனா உத்தரவு அப்படியே கெடக்கு, பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கோர்ட்டில் ஜெயித்தவர்கள் கதை ஆயிரம் கிடக்கிறது.

எண்பத்திரண்டில் மூல வழக்கில் தீர்ப்பு வந்தது. முன்சீப் மாறியிருந்தார். மேல் நிலத்துக்காரனுக்கும் ஓடையில் பங்கு உண்டு, வாரத்தில் மூன்று நாள் அவன், நாலு நாள் அவள் என்றது தீர்ப்பு. அப்பீல் போனோம், அங்கேயும் அதுவே நின்றது. முறை மாற்ற வாய்க்கால் தலைப்பில் ஒரு அடைப்புப் பலகை போட்டார்கள்; இறக்கினால் தண்ணீர் அருளப்பன் தொட்டிக்கு, தூக்கினால் அவள் வாய்க்காலுக்கு. அவள் ஆடின ஆட்டம்! அந்த முன்சீப்பையும், அவர் அப்பனையும், அவருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவனையும் விட்டு வைக்கவில்லை. வீட்டுக்குள் வைத்துத்தான் திட்டினாள் என்பது ஒரு ஆறுதல்.

மறு வருஷம் கோடையில் மழை பொய்த்துவிட்டது. ஓடை நூலாக இறங்கியது. சீசன் உச்சத்தில் ஒரு சனிக்கிழமை, அருளப்பன் முறை நாள். அருளப்பனோ இருதய நோயில் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். லாட்ஜில் பூட்டு. அவன் தொட்டி நிறைந்து, தண்ணீர் வழிந்து, மறுபக்கச் சரிவில் வீணாகப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அவள் வாசலில் விரிப்பு மூட்டை மலையாகக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று லாட்ஜ்காரர்கள் ஆள் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வேறு சோலியாக அந்தப் பக்கம் போனேன். அமலி அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "ஒரு பலகையைத் தூக்கினா தண்ணி இங்க வந்துரும்மா! அவரே ஊர்ல இல்ல. கேக்க ஆளில்ல."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. "அக்கா, வீணாப் போற தண்ணிதானே. யார் போய்க் கோர்ட்ல சொல்லப் போறா? நான் சொல்ல மாட்டேன்" என்றேன். வக்கீல் குமாஸ்தா சொல்கிற பேச்சா இது? சொன்னேன்.

கித்தேரியம்மாள் வாய்க்கால் தலைப்புக்கு ஏறிப் போனாள். பலகையைத் தூக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பலகை இடுக்கில் கசிந்துகொண்டிருந்த கொஞ்சம் தண்ணீரையும் களிமண் வைத்து அடைத்தாள். அடைக்க அடைக்க அந்த ரெண்டாவது முன்சீப்பைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. இறங்கி வந்து பெரிய மூட்டையைத் தலையில் ஏற்றச் சொன்னாள். கீழ்ப் பள்ளத்து ஓடைக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டும்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தியேவிட்டேன். "தீர்ப்பே தப்புன்னுதானே திட்டுறே?"

"தப்புதான். சாகுற வரைக்கும் திட்டத்தான் செய்வேன்" என்றாள். மூட்டைக்கு அடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா ஏலே, நான் இன்னைக்கு அந்தப் பலகையைத் தூக்கினா, அன்னைக்கு அவனை ஜெயிலுக்கு அனுப்புனது நியாயமில்லாமப் போயிரும்லே. மதுரையில படுத்துக் கெடக்கிறவன் மூஞ்சில அப்புறம் எப்படி முழிப்பேன்?"

இன்னொரு மூட்டையை என் தலையில் தூக்கி வைக்கச் சொல்லி அமலியிடம் குனிந்தேன்.